பரலுக்குள் பழுத்த பழம்: ஒரு வைகாசிச் சடங்கும் நூறு கிராம் காபைட்டும்

கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு வைகாசியில் வருகிறது. மாம்பழக் காலமும் அதுதான். எங்கள் ஊரில் மடை வைக்க ஒவ்வொரு வீட்டாரும் வாழைப்பழமும் மாம்பழமும் கொண்டு போக வேண்டும். சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டால் அது தள்ளிப்போகாது. மரத்தில் தொங்குகிற காய்க்கு அந்த நாள் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட என் மருமகன் செய்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்காவின் மகன், மட்டக்களப்புக்குத் தெற்கே எழுவான்கரையில் ஒரு வெல்டிங் கடையில் வேலை. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களுக்கு முப்பது வருடம் சொல்லிக்கொடுத்ததைச் சொந்த வீட்டில் சொல்லாமல் விட்டது என் பிழை.

சடங்கு திங்கட்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை பின்னேரம் வளவில் நின்ற அம்பலவி மரத்தில் கொக்கைத்தடி போட்டு 60 காய் இறக்கினார்கள். மொனராகலைப் பக்கமிருந்து வந்த லொறியில் இரண்டு குலை கோழிக்கூட்டு வாழைக்காயும் வாங்கினார்கள். ஐந்து நாளில் இவ்வளவும் பழுக்குமா என்று அக்காவுக்குப் பயம். பழ வியாபாரம் செய்கிற ஒருவர் மருமகனுக்கு வழி சொல்லியிருக்கிறார்: "உன்ட கடையிலேயே காபைட் கல் கிடக்குதே, நாலு பொட்டலம் கட்டிப் போடு, ரெண்டு நாளையில மஞ்சளாகிடும்." கூடவே, கெதியாகப் பழுக்க ஒரு சாக்கை நனைத்து மேலே போடவும் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்தவற்றில் பாதி அந்த ஈரச் சாக்கால் நடந்தது.

பழைய முறையில் காஸ் உண்டாக்கும் டப்பா அந்தக் கடையில் இன்னும் பாவனையில் இருக்கிறது. அதற்கு வாங்கி வைத்த கல்லில் ஏறத்தாழ நூறு கிராமை எடுத்துப் பேப்பரில் நாலு பொட்டலமாகச் சுற்றினான். தண்ணீர் பிடிக்கிற 200 லீட்டர் நீல பிளாஸ்டிக் பரலின் அடியில் இரண்டு பொட்டலம், நடுவில் இரண்டு. சீப்பு சீப்பாக வெட்டிய வாழைக்காயையும் 40 மாங்காயையும் அடுக்கி, நனைத்த சாக்கை மேலே போட்டு, மூடியை இறுக்கினான். இடம் போதாததால் 20 மாங்காய் குசினி மூலையில் தரையில் கிடந்தன. அந்த இருபதும் வெளியில் கிடந்ததால்தான் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

பொட்டலம் கட்டும்போதே அவன் உள்ளங்கை வியர்த்திருக்கிறது. கல்லைத் தொட்ட இடம் சுட்டதும் ஓடிப்போய்க் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரில் கையை முக்கியிருக்கிறான். ஒட்டியிருந்த துகள் தண்ணீர் பட்டதும் இன்னும் பொங்கிச் சுட்டது. அடுத்த நாள் பார்த்தபோது இரண்டு விரலிலும் உள்ளங்கையிலும் தோல் வெளுத்து உரிந்திருந்தது. இந்தக் கல் உடம்பில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் துகளைத் தட்டி முற்றாக அகற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் ஓடுகிற தண்ணீர், கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல். கண்ணில் பட்டால் துடைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. உடனே ஓடுகிற தண்ணீரால் கழுவத் தொடங்கி, கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் என்ன செய்யும் என்று வெற்றிலை போடுகிற வீட்டாருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை கரண்ட் இல்லை. அக்கா மூடியைத் திறந்து பார்க்கக் குப்பி விளக்கைத் தேடியிருக்கிறா. விளக்கு கிடைத்தது, தீப்பெட்டி கிடைக்கவில்லை. கைபேசி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறா. உள்ளிருந்து அழுகின உள்ளி மணம் குப்பென்று அடித்தது என்றா. எல்லாக் காயும் மஞ்சள். சந்தோஷத்தில் ஒரு மாம்பழத்தை எடுத்துப் பக்கத்தில் நின்ற நாலு வயதுப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறா. பிள்ளை தோலோடு கடித்தது. கடித்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அழுதது, ஒருமுறை சத்தி எடுத்தது. அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

நான் போய்ச் சேரும்போது பிள்ளையைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாயைக் கழுவி, தண்ணீரும் பாலும் கொடுத்துச் சில மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். உதட்டிலும் நாக்கு நுனியிலும் சிவப்பு, வேறு ஒன்றும் இல்லை. இரவு வீட்டுக்கு விட்டார்கள். சத்தி எடுக்க வைக்க முயலாமல் வாயைக் கழுவிக் கொண்டுவந்தது நல்லது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சுடுகிற பொருள் ஒன்று உள்ளே போயிருந்தால் வாந்தியில் அது தொண்டையை இரண்டாம் தடவையும் சுடும்.

பிள்ளையின் வாய் எரிந்தது காபைட்டால்தானா? உடனே ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மாங்காய்ப் பாலும் வாயை எரிக்கும், உதட்டைப் புண்ணாக்கும். இந்தக் காய்களைப் பால் வடிய விடாமல் இறக்கியிருந்தார்கள். மாங்காய்ப் பாலின் ஒவ்வாமைப் புண் பெரும்பாலும் ஒருநாள் கழித்தே கிளம்பும். இது கடித்த நிமிடத்திலேயே எரிந்தது. பழத்தின் தோலிலும் சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரச் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் பொட்டலத்தை நனைத்துப் பேப்பரைக் கிழித்து, அந்தக் கரைசல் கீழே இருந்த பழங்களில் வழிந்திருக்கிறது. என் கணிப்பு அந்தச் சேறுதான். பாலும் சேர்ந்திருக்கலாம்.

பரலுக்குள் என்ன நடந்தது

காபைட் கல் என்பது கல்சியம் காபைட். சுண்ணாம்பையும் கற்கரியையும் மின் உலையில் ஏறத்தாழ 2,000 பாகை வெப்பத்தில் உருக்கிச் செய்வது. தண்ணீர் பட்டால், காற்றில் உள்ள ஈரம் பட்டாலே கூட, அசற்றிலீன் வாயு கிளம்பும். மிச்சமாக நீறிய சுண்ணாம்பு நிற்கும்.

CaC₂ + 2H₂O → C₂H₂ + Ca(OH)₂

பழுக்கத் தொடங்குகிற காய் தானே எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. அந்த எதிலீன் காய்க்கு ஒரு கட்டளை மாதிரி. அது கிடைத்ததும் மாப்பொருள் சீனியாகும், பச்சை கலையும், சதை இளகும், மணம் வரும். மாவும் வாழையும் இப்படி மரத்தை விட்டு வந்த பிறகும் பழுக்கக்கூடியவை. அன்னாசியோ தோடையோ பறித்த பிறகு இனிக்காது. அசற்றிலீன் எதிலீனுக்கு உருவத்தில் ஒத்தது, காய் அதையும் எதிலீன் என்று நம்பிவிடும். ஆனால் அதன் வலு மிகக் குறைவு. வாழைக்கு எதிலீன் காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பரலின் வெற்றிடம் 100 லீட்டர் என்று வைத்தால் இரண்டு தேக்கரண்டி கொள்ளளவு வாயுதான். அசற்றிலீன் என்றால் அதைப் போல் பல மடங்கு வேண்டும். அதனால்தான் காபைட் போடுகிறவர்கள் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள்.

அந்த அளவில்தான் ஆபத்து இருக்கிறது. கடையில் கிடைக்கும் காபைட் ஒரு கிலோவில் ஏறத்தாழ 300 லீட்டர் அசற்றிலீன் வரும். நூறு கிராமில் 30 லீட்டர். முழுவதும் வெளிவந்து உள்ளே தங்கினால் அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அசற்றிலீன் காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றி வெடிக்கும். மூடி வழியே கொஞ்சம் கசிந்திருக்கும், கல் முழுவதும் கரைந்தும் இருக்காது, அதெல்லாம் சரி. ஆனால் அக்கா தீப்பெட்டியைக் கண்டெடுத்திருந்தால், பரல் வாயில் குனிந்த முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும். காபைட் என்றதும் எல்லோரும் புற்றுநோயைப் பற்றியே கதைக்கிறோம். ஆனால் பழுக்க வைக்கிற வீட்டிலும் கடையறையிலும் முதல் ஆபத்து நெருப்பு, அடுத்தது கண்ணும் கையும்.

சாப்பிடுகிறவருக்கு என்ன? அசற்றிலீன் பழத்துக்குள் தங்குவதில்லை. தேங்குவது தூள். அம்மா இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, வாயில் வெற்றிலை எப்போதும் இருக்கும்.

"மனே, சுண்ணாம்பு எண்டுதானே சொல்றாய். அதை நான் அறுபது வருசமாத் தின்னுறன்."

நியாயமான கேள்விதான். மிச்சமாவதில் பெரும்பங்கு வெற்றிலைக்குப் போடுகிற அதே பொருள்தான். வித்தியாசம் அதோடு வருகிறவற்றில் இருக்கிறது. வெல்டிங்குக்கு என்று செய்த காபைட்டைச் சுத்தமாக்க யாரும் மெனக்கெடுவதில்லை. சுண்ணாம்புக் கல்லிலும் கரியிலும் இருந்த ஆசனிக்கும் பொஸ்பரஸும் சிறு அளவில் அதில் நிற்கும். ஈரம் பட்டதும் அவையும் ஆசீன், பொஸ்பீன் என்ற நச்சு வாயுக்களாக வெளிவரும். அக்காவுக்கு அடித்த உள்ளி மணம் அவற்றுடையது. சுத்தமான அசற்றிலீனுக்கு அந்த மணம் கிடையாது. சேற்றோடு ஆசனிக் தோலில் ஒட்டும், கொஞ்சம் தோல் வழியாக உள்ளேயும் போகலாம்.

ஒரு பழத்தில் இதனால் சேரும் ஆசனிக் ஒருவரை அன்றைக்கே நோயாளியாக்கும் அளவு இல்லை. உடனடியாக வருவது வாய், தொண்டை எரிச்சல், வயிற்றுக் குமட்டல், சத்தி. ஆனால் ஆசனிக் வருடக்கணக்காக உடம்பில் போனால் தோலையும் நரம்பையும் கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். பழத்தில் அது இருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லாதபோது எவ்வளவு வரை பரவாயில்லை என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலை. இலங்கையில் பழம் பழுக்க வைக்கக் காபைட் பாவிக்க அனுமதி இல்லை. உடலுக்குத் தீங்கான பொருள் சேர்ந்த உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். ஒரு கடையைப் பற்றிச் சந்தேகம் என்றால் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பழத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதை விடப் பழுக்க வைக்கிற இடத்தைச் சொல்வது உதவும். வாயு போய்விட்ட பழத்தில் பிடிப்பது கடினம். பெட்டியடியில் பொட்டலம் கிடந்தால் மறுக்க முடியாது.

மஞ்சள் தோலை வெட்டிப் பார்த்தோம்

சனிக்கிழமை காலை விறாந்தையில் பேப்பரை விரித்துப் பரலில் இருந்ததை எல்லாம் கையுறை போட்டு வெளியே எடுத்தோம். ஆறு மாம்பழத்தை நடுவால் வெட்டினேன். இரண்டில் கொட்டையைச் சுற்றிச் சதை மஞ்சள், மணம் குறைவு, ஆனாலும் பழம். மற்ற நாலில் தோல் மஞ்சள், சதையின் வெளி வளையம் மட்டும் இளமஞ்சள், கொட்டையை ஒட்டி வெள்ளை. வாழைப்பழம் பார்க்க அழகு, தோலை உரித்தால் நார் விடவில்லை, கடித்தால் மா.

காயத்துக்குப் போடுகிற கபில நிற அயடீன் மருந்து வீட்டில் இருந்தது. ஒரு பங்கு மருந்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வெட்டிய முகத்தில் சில துளி விட்டோம். மாப்பொருள் இருக்கிற இடம் கருநீலமாகும். முற்றிய பச்சை வாழைக்காயில் கிட்டத்தட்ட நூற்றுக்கு இருபது பங்கு மாப்பொருள், நன்றாகப் பழுத்ததில் ஒன்று இரண்டு பங்குதான். எங்கள் மஞ்சள் பழம் மை கொட்டினது போலக் கறுத்தது. கடையில் வாங்கிய நன்றாகப் பழுத்த ஒன்றை ஒப்பிட வெட்டினோம். அதில் மருந்தின் நிறமே நின்றது. (மருந்து பட்ட துண்டை எறிந்துவிட வேண்டும், பிள்ளைகளுக்கு எட்டாமல்.)

இதைப் பார்த்ததும் மருமகன், "அப்ப மாமா, கறுத்தா காபைட், கறுக்காட்டி நல்ல பழம், சரிதானே?" என்றான். அப்படியில்லை. அயடீன் சொல்வது மாப்பொருள் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும். முற்றிய காயைக் காபைட்டில் வைத்து இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மாவெல்லாம் சீனியாகி அயடீன் ஒன்றும் காட்டியிருக்காது, தோலில் தூள் மட்டும் இருந்திருக்கும்.

ஊரில் சொல்லப்படும் மற்றச் சோதனைகளும் இப்படித்தான். ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் காபைட் என்பார்கள். சட்டப்படி எதிலீன் அறையில் பழுத்த வாழையும் ஒரே சீராகத்தான் வரும். திட்டுத் திட்டாகப் பச்சை நின்றால் காபைட் என்பார்கள். மரத்திலேயே பழுத்த மாம்பழத்திலும் வெயில் படாத பக்கம் பச்சை நிற்கும். கவென்டிஷ் வாழை 30 பாகையைத் தாண்டிய வெக்கையில் பழுத்தால் தோல் பச்சையாகவே இருக்க உள்ளே குழைந்துவிடும். அதைக் காய் என்று நினைத்து வைத்திருந்து அழுகவிட்டவர்களை எனக்குத் தெரியும். நிறத்தை இரண்டு பக்கமும் நம்ப முடியாது. நான் கவனிப்பது மூன்றைத்தான். காம்புக் குழியிலும் சீப்பின் இடுக்கிலும் வெள்ளை அல்லது சாம்பல் தூள். பெட்டியைத் திறந்ததும் உள்ளி மணம். நல்ல நிறத்தோடு மணமே இல்லாத, கல் போன்ற பழம். முதல் இரண்டும் வலுவான அடையாளம். மூன்றாவது, காய் முற்றாமல் பறித்தது என்பதற்குத்தான் பெரும்பாலும் அடையாளம்.

உண்மையில் அந்த நாலு மாம்பழமும் ருசியில்லாமல் போனதற்குக் காபைட் முதல் காரணம் அல்ல. அவை முற்றவில்லை. காபைட் அதை மறைத்தது, அவ்வளவே. குசினித் தரையில் கிடந்த 20 காயையும் ஒரு அண்டாத் தண்ணீரில் போட்டோம். 13 அமிழ்ந்தன, 7 மிதந்தன. முற்றின காயில் மாப்பொருள் நிறைந்து தண்ணீரை விடப் பாரம் கூடும், பிஞ்சு மிதக்கும். அமிழ்ந்தவற்றின் தோள் காம்பை விட உயர்ந்து காம்பு ஒரு குழிக்குள் இருந்தது. மிதந்தவற்றில் தோள் சரிந்து காம்பு மேலே துருத்தி நின்றது. (மிதந்தால் காபைட் என்று சொல்வதும் தவறு, மிதந்தால் பிஞ்சு.) ஏழையும் அம்மா அன்றைக்கே கறிக்கு எடுத்தா.

பரலில் இருந்த பழம் முழுவதையும் புதைக்கச் சொன்னேன். அக்காவுக்கு மனமில்லை. "கழுவித் தோலைச் சீவினால் ஆகாதா?" என்றா. கடையில் வாங்கின பழத்தில் சந்தேகம் என்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிந்து, தோலைத் தடிப்பாகச் சீவ வேண்டும். தூள் குறையும், உள்ளே போனது போகாது. ஆனால் சேறு வழிந்து காய்ந்த பழத்துக்கு அந்தச் சமாதானம் போதாது.

இரண்டு இரவில் பழுக்க வைத்தது

இனி இருந்தது சனி, ஞாயிறு இரவுகளும் திங்கள் பகலும். படுவான்கரையில் தெரிந்த ஒருவரின் தோட்டத்தில் மூன்று குலை கோழிக்கூட்டு வெட்டினோம். காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்க வேண்டும், நுனியில் காய்ந்த பூ தொட்டால் உதிர வேண்டும். அப்படிப் பார்த்தே எடுத்தோம்.

வாழைக்கு அம்மா சொன்ன புகைக்குழிதான். வளவின் மூலையில் இடுப்பளவு குழி, அடியிலும் பக்கத்திலும் வாழைச்சருகு. சீப்பு சீப்பாக வெட்டி, பால் போகக் கழுவி, ஈரம் உலர விட்டு அடுக்கினோம். மேலே வாழையிலை, அதற்கு மேல் பழைய பன்பாய், அதன்மேல் மண். ஒரு பக்கம் கையளவு வாய் விட்டு, ஓட்டைப் பானையில் தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டித் தீ இல்லாமல் புகையை மட்டும் உள்ளே ஊதினோம். அரை மணி நேரம் ஊதி வாயை அடைத்தோம், மாலையில் இன்னொரு தடவை. புகையில் எதிலீன் சிறிதளவு இருக்கிறது, குழி கதகதப்பையும் கொடுக்கிறது. எங்கள் ஆட்கள் பெயர் தெரியாமலே அந்த வாயுவைப் பாவித்து வந்திருக்கிறார்கள். புகையில் காபனோரொட்சைட்டும் இருப்பதால் இதை வீட்டு அறைக்குள் செய்யக் கூடாது, வளவில்தான்.

ஞாயிறு நண்பகல், ஏறத்தாழ 24 மணி நேரத்தில், திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அப்போது பழம் பச்சைதான், நுனியில் மட்டும் ஒரு வெளிர்ப்பு. இந்த இடத்தில்தான் பலர் பயந்து மறுபடி மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது. கட்டளை கிடைத்துவிட்டது. இனி காற்று வேண்டும். அடைபட்டுக் கிடந்தால் பழம் மூச்சு விடுகிற கரியமில வாயு தேங்கிப் பழுப்பதைத் தடுக்கும், பிறகு சதை புளிக்கும், காம்பு கறுக்கும். விறாந்தையில் நிழலில் பரப்பினோம். திங்கள் காலை இளமஞ்சள், மாலை மடைக்கு எடுத்துப் போகும்போது நல்ல மஞ்சள். லேசான புகை மணம் இருந்தது. அந்த மணம் இல்லாவிட்டால் குளிர்த்திப் பழம் போல இல்லை என்று அம்மா சொல்லுவா.

மாங்காய்க்குக் குழி தேவையில்லை. அமிழ்ந்த 13 காயையும் கழுவித் துடைத்து, காட்போட் பெட்டியில் வைக்கோல் போட்டு, காம்புப் பக்கம் கீழே இருக்க ஒரே அடுக்காக வைத்தோம். நடுவில் நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழம். ஆறேழு காய்க்கு ஒரு பழம் என்பது என் கணக்கு. பழுத்த வாழை விடுகிற எதிலீன் அந்தச் சிறிய பெட்டிக்குத் தாராளம். மூடியை மடித்துவிட்டேன், ஒட்டவில்லை. பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் வியர்த்துக் கரும்புள்ளி விழும், காம்படி அழுகும். வீட்டில் பிரவுண் பேப்பர் பை, அரிசிப் பானை, வைக்கோல் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பழத்தின் வாயுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈரத்தை விட்டுவிடுவது. அரிசிப் பானையில் எத்தனை காய் என்பதை மறந்துவிடுவோம் என்பதுதான் ஒரே குறை.

நம்மூர் வைகாசி வெக்கையில் கவனிக்க வேண்டியது சூடு. மாங்காய்க்கு 20 முதல் 25 பாகை வரைதான் உகந்தது. முப்பதைத் தாண்டினால் கெதியாக இளகும், நிறமும் ருசியும் பின்தங்கும். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்படியில் வைக்கக் கூடாது. சீமெந்துத் தரைதான் வீட்டில் குளிர்ச்சியான இடம். பச்சைக் காயைப் பிரிட்ஜில் வைத்தால் குளிரில் அடிபட்டு, பிறகு எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த பிறகு வைக்கலாம். விவசாயக் கடையில் கிடைக்கும் எத்தெபோன் திரவத்தைத் தண்ணீரில் கலந்து முக்குகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. அது எதிலீனை விடுகிற மருந்து, காபைட் போல அல்ல. ஆனாலும் அளவு தெரியாமல் வீட்டு வாளியில் கலக்கத் தேவையில்லை. ஒரு வாழைப்பழம் செய்ய முடியாத எதையும் அது செய்துவிடாது.

சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் மாலைக்குள் 13 மாங்காயில் ஐந்துதான் பழுத்தன. மடைக்கு அந்த ஐந்தும் போயின. செவ்வாயும் புதனும் இன்னும் ஆறு. ஒன்றில் காம்படி அழுகல், கடைசி ஒன்று வெள்ளிக்கிழமைதான் மணத்தது. பறித்ததிலிருந்து ஒன்பது நாள். நேரத்துக்கு வேண்டுமென்றால் ஒரு கிழமை முன்னதாகவே பறித்து அமிழ்த்திப் பார்த்திருக்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த வருடத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது பரலும் பொட்டலங்களும். பொட்டலத்துக்குள் கரையாத கல் இன்னும் கொஞ்சம் கிடந்தது. மருமகன் அதைக் கிணற்றடி வாய்க்காலில் கொட்டப் போனான், நிறுத்தினேன். தண்ணீரில் விழுந்தால் மறுபடி வாயு. உலர்ந்த கல்லைப் பேணியில் போட்டு இறுக்கி மூடி வந்த கடைக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். ஈரமாகிப்போன சேற்றைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் கிணற்றுக்கும் தூரமாக, புகை பிடிக்காமல் நின்று, வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை விட்டுவிட்டுப் பிறகு புதைத்தோம். குமிழி அடங்க மூன்று நாள் எடுத்தது. பரலை நாலு தடவை கழுவிய பிறகும் அக்கா அதில் குடிதண்ணீர் பிடிக்கவில்லை. இப்போது அது வளவில் குப்பை சேர்க்க நிற்கிறது.